மேடையில் யாரை முதலில் அழைப்பது?

"எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளி ஆண்டு விழாவில் முன்னாள் மாணவர்கள் சார்பில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு 26 வயது, மேடை புதிது. மேடையில் எம்.எல்.ஏ., கலெக்டர், கல்வி அதிகாரிகள், எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் எல்லாரும் இருப்பார்கள். கீழே ஊர்ப் பெரியவர்கள், பெற்றோர், பிள்ளைகள். யாரை முதலில் சொல்வது, யாரை எப்படி அழைப்பது? யாராவது விட்டுப்போனால் என்ன செய்வது?"

அழைப்பிதழைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று யார் யாருக்கு எந்த இடம் என்பதைத் தலைமையாசிரியரும் விழாக் குழுவும் உட்கார்ந்து, நாலைந்து தடவை அடித்துத் திருத்தி, அதிகாரிகளின் அலுவலகங்களில் கேட்டு, அதற்கப்புறம்தான் அச்சுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த வரிசையில் ஏதாவது மனத்தாங்கல் இருந்தாலும் அது அவர்களோடு போய்விடும். நீங்களாக ஒரு வரிசை உண்டாக்கினால் அந்த மனத்தாங்கல் உங்கள் தலையில் வந்து விழும். நான் தமிழாசிரியராக இருந்து ஏராளமான பள்ளி விழாக்களையும் அரசு விழாக்களையும் தொகுத்து வழங்கியிருக்கிறேன். வரிசையில் சந்தேகம் வந்தபோதெல்லாம் அழைப்பிதழ்தான் என்னைக் காப்பாற்றியது.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் விழாத் தலைவர், அடுத்து சிறப்பு விருந்தினர், பிறகு மேடையில் உள்ள மற்றவர்கள் பதவி வரிசைப்படி, அதன்பின் எதிரே இருக்கும் பெரியோர், தாய்மார், ஆசிரியர்கள், கடைசியாகப் பிள்ளைகள். இதில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அவற்றைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் சிக்கல், தலைவர். உங்கள் விழாவுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் தலைமை என்று வைத்துக்கொள்வோம். ஊரில் விவசாயம் பார்ப்பவர். அவருக்கு வலப்பக்கம் எம்.எல்.ஏ., இடப்பக்கம் கலெக்டர். அப்போதும் முதலில் அழைக்க வேண்டியது அவரைத்தான். தலைமை என்பது பதவியின் உயரத்தைப் பொறுத்தது இல்லை. அந்த ஒரு மாலைக்கு அந்த அவை அவர் பொறுப்பில் இருக்கிறது, அவர் அனுமதித்துத்தான் நீங்கள் ஒலிவாங்கி முன்னால் நிற்கிறீர்கள். பட்டிமன்றத்தில் எத்தனை பெரிய மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் பேச்சாளர் "நடுவர் அவர்களே" என்றுதானே தொடங்குகிறார்? சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் பேரவைத் தலைவரை விளித்துப் பேசுவதும் இதே முறைதான். எம்.எல்.ஏ.வை முதலில் சொல்லாவிட்டால் தப்பாக நினைப்பாரோ என்று பயந்து பலர் தலைவரைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். அது அவசியமில்லை. "விழாத் தலைவர் அவர்களே" என்ற சொல்லுக்கு முன்னால் தன் பெயர் வர வேண்டும் என்று மேடை பழகிய எந்த அரசியல்வாதியும் எதிர்பார்ப்பதில்லை, மேடை முறை அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, எம்.எல்.ஏ. முன்பா, கலெக்டர் முன்பா? மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி முன்னால், அதிகாரி அவருக்குப் பின்னால். இந்திய அரசு 1979 ஜூலை 26 அன்று வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. குடியரசுத் தலைவரில் தொடங்கி யார் எந்த இடம் என்று வரிசைப்படுத்துவது அது. அதில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 21-ஆம் இடத்திலும், மத்திய அரசின் செயலாளர்கள் 23-ஆம் இடத்திலும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல் அரசு சடங்கு விழாக்களுக்கானது, அன்றாட அலுவல்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே குறிப்பும் உண்டு. ஆகவே அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப் பள்ளி மேடைக்கு வரிசை போட வேண்டாம். மக்கள் பிரதிநிதி முதலில் என்ற எண்ணத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நம் மேடைகளில் எம்.எல்.ஏ. விஷயத்திலும் அந்த வழக்கம்தான் இருக்கிறது. கலெக்டருக்குப் பின்னால் மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்குப் பின்னால் வட்டாரக் கல்வி அலுவலர் என்று ஒரே துறைக்குள் இறங்கு வரிசையில் வாருங்கள். இதில் மாற்றிச் சொல்லிவிட்டால் அதிகாரிகளுக்கு உடனே உறுத்தும், ஏனென்றால் அது அவர்களுடைய தினசரி உலகம். ஊராட்சி மன்றத் தலைவரைக் கல்வி அலுவலர்களுக்கு முன்னால் சொல்வதா, பின்னால் சொல்வதா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். அழைப்பிதழில் எந்த இடமோ, அந்த இடம்.

அடுத்தது அடைமொழி. அமைச்சர்களுக்கு "மாண்புமிகு". சட்டமன்றத்துக்குள் உறுப்பினர்களையும் மாண்புமிகு என்றுதான் சொல்வார்கள். வெளி மேடையில் எம்.எல்.ஏ.வை "மாண்புமிகு" என்பவர்களும் உண்டு, "மதிப்பிற்குரிய" என்பவர்களும் உண்டு. அழைப்பிதழில் எப்படி அச்சிட்டிருக்கிறார்களோ அப்படியே சொல்லிவிடுங்கள். கலெக்டர் முதலான அதிகாரிகளுக்கு "மாண்புமிகு" கிடையாது, "மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களே" என்பதுதான் சரி. உயர்த்திச் சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று தோன்றும். எல்லாரையும் மாண்புமிகு ஆக்கிவிட்டால் அந்தச் சொல்லுக்கு உரியவருக்குத் தனியாகக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. ஆளுநர், குடியரசுத் தலைவர் போன்றோர் வரும் மேடையில் பேச நேர்ந்தால் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பழைய விழா மலர்களில் "மேதகு" என்று இருக்கும். 2012-இல் பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவரானபின், உள்நாட்டு நிகழ்ச்சிகளில் அந்தப் பழைய ஆங்கிலேயர் காலத்து விளியை விட்டுவிடச் சொன்னார்கள். வெளிநாட்டுத் தலைவர்களோடு பேசும்போது மட்டும் அது தொடர்கிறது. அதனால் இங்கேயும் "மாண்புமிகு" போதும்.

அழைப்பிதழில் இருப்பதை அப்படியே வாசிக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. கலெக்டர் பெயருக்குப் பின்னால் "இ.ஆ.ப." என்று இருக்கும், காவல்துறை அதிகாரி என்றால் "இ.கா.ப.". அது கண்ணுக்காக அச்சிட்டது. எழுத்து எழுத்தாக வாய்விட்டு வாசித்தால் பேச்சு போலவே இருக்காது. பதவியைச் சொன்னபிறகு அந்த எழுத்துகளுக்கு வேலையும் இல்லை. "உயர்திரு. திரு.", "முனைவர் திரு." என்று இரட்டிப்பதும் அப்படித்தான். ஏதாவது ஒன்று போதும். பெண்களுக்குத் "திருமதி"யா "செல்வி"யா என்று தெரியாவிட்டால் ஊகிக்கவே வேண்டாம். பெயரும் பதவியும் "அவர்களே"யும் சேர்ந்தால் மரியாதை முழுமையாகிவிடும். "கலெக்டர் சார்", "மேடம்" எல்லாம் அறைக்குள் பேசும்போது சரி, ஒலிவாங்கியில் வேண்டாம். உங்கள் சொந்த மாமாவே ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் அவர் "ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள்"தான்.

ஊராட்சி மன்றத் தலைவர் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் நானே தவறியிருக்கிறேன். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. அதனால் உங்கள் மேடையில் ஊராட்சித் தலைவராக ஒரு பெண் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பல ஊர்களில் அவரோடு அவருடைய கணவரும் வந்து மேடையேறுவார். ஊரே அவரைத்தான் "தலைவரே" என்று கூப்பிட்டுப் பழகியிருக்கும். ஒரு பள்ளி விழாவில் நான் அந்தப் பழக்கத்திலேயே கணவரைப் பார்த்து "ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அந்த அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட்டத்தில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு அந்த விழா முழுக்க வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. தேர்தலில் நின்று ஜெயித்தவரை அவர் ஊரிலேயே, அவர் முன்னாலேயே, இல்லாதவராக்கிவிட்டேன். அன்றிலிருந்து பெண் தலைவர் இருக்கும் மேடையில் அவர் பக்கம் திரும்பி, பெயரையும் பதவியையும் தெளிவாகச் சொல்கிறேன். கணவர் மேடையில் இருந்தால் அவரைப் பெரியோர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளலாம், பதவிப் பெயரால் அழைக்கக் கூடாது.

அதேபோல, ஒரே நிலையில் இருக்கும் இருவருக்கு ஒரே அடைமொழியைக் கொடுங்கள். பக்கத்து ஊராட்சித் தலைவருக்கு "பெருமதிப்பிற்குரிய ஐயா", உள்ளூர்த் தலைவருக்கு வெறும் பெயரும் "அவர்களே"யும் என்றால், ஏன் இந்த வித்தியாசம் என்று கூட்டத்தில் கேள்வி எழும். நம் ஊர்களில் அந்தக் கேள்வி பெரும்பாலும் சாதியில் போய் முடியும். உங்களுக்கு அப்படியொரு எண்ணமே இல்லாவிட்டாலும், கேட்பவர் காதில் அப்படித்தான் விழும். இதைத் தவிர்க்க எளிய வழி, உரையில் இரண்டே அடைமொழிகளை வைத்துக்கொள்வது. "மாண்புமிகு" யாருக்கு உரியதோ அவருக்கு அது, மேடையில் உள்ள மற்ற எல்லாருக்கும் "மதிப்பிற்குரிய". அவ்வளவு போதும்.

ஆனால் உங்கள் வாத்தியாருக்கு? பதவி வரிசையில் பார்த்தால் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இடம் கடைசியில்தான் வரும். உங்கள் மனதிலோ அவர்தான் முதல். அவரைத் தூக்கி முன்னால் வைத்தால் வரிசை குலையும், மற்றவர்களோடு ஒன்றாகச் சொல்லிப் போனால் உங்களுக்கே மனது கேட்காது. மேடையில் உள்ளவர்களில் கடைசியாக அவரைச் சொல்லுங்கள், அவருக்கு மட்டும் பதவியை விட்டு உறவைச் சொல்லுங்கள். "இந்தப் பள்ளியில் எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த என் ஆசிரியர், ஐயா அவர்களே" என்று சொல்லி ஒரு நொடி நிறுத்துங்கள். அதுவரை பதவிப் பெயர்களாகக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்கும். வரிசையின் கடைசி இடம் தாழ்ந்த இடம் என்று நினைக்காதீர்கள். எதையும் கடைசியாகக் கேட்டதுதான் காதில் நிற்கும். "ஐயா" என்ற சொல்லையும் அவருக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் எல்லாரையும் ஐயா ஐயா என்று சொல்லி முடித்திருந்தால், இங்கே அதற்கு வலு இருக்காது.

இப்போது மேடைக்கு எதிரே இருப்பவர்கள். கேள்வியில் "கீழே ஊர்ப் பெரியவர்கள், பெற்றோர், பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரணமாக எல்லாரும் சொல்வதுதான். ஆனால் பேசும்போது "கீழே அமர்ந்திருக்கும்" என்று வாயில் வந்துவிடக் கூடாது. "எதிரே", "முன்னே", "அவையில்" என்று சொல்லுங்கள். எண்பது வயதுக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பார்த்து மேடையில் நின்றுகொண்டு "கீழே" என்பது நன்றாக இல்லை. "பொதுமக்களே" என்பதையும் விட்டுவிடுங்கள். அது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பு செய்கிறவரின் சொல். உங்களைத் தூக்கி வளர்த்தவர்கள் உங்களுக்குப் பொதுமக்கள் ஆக முடியாது. "நம் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே" என்றால் அதில் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். அந்த "நம்" இருக்கிறதே, வெளியூரிலிருந்து வந்து பேசும் எவருக்கும் கிடைக்காத சொல் அது. அதை விடாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு "இருபால் ஆசிரியப் பெருமக்களே" என்று ஒரு வழக்கம் உண்டு. தவறில்லை, ஆனால் உங்கள் வயதுக்கு "ஆசிரியர்களே" என்றாலே போதும். சத்துணவு சமைக்கிறவர்கள், பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் ஓரமாக நின்றுகொண்டுதான் விழா பார்ப்பார்கள். "ஆசிரியர்களே, பள்ளிப் பணியாளர்களே" என்று ஒரு சொல் சேர்த்தால் அவர்களும் அவைக்குள் வந்துவிடுவார்கள்.

பிள்ளைகளை அழைப்பதில் உங்கள் வயதைப் பாருங்கள். "மாணவச் செல்வங்களே" என்று நான் சொல்லலாம், எனக்குத் தலை நரைத்துவிட்டது. 26 வயதில் நீங்கள் அதைச் சொன்னால் இரவல் சட்டை போட்ட மாதிரி இருக்கும். "குழந்தைகளே" என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதே பள்ளியில் அவர்களுக்கு முன்னால் படித்தவர் நீங்கள், "தம்பி, தங்கைகளே" என்பதுதான் உண்மையான உறவு. அவர்களைக் கடைசியில் அழைப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் ஐந்து நிமிடப் பேச்சு உண்மையில் அவர்களுக்குத்தான். மேடையில் தொடங்கி, பெரியவர்களைத் தாண்டி, பிள்ளைகளிடம் வந்து நிற்கும்போது உங்கள் பார்வையும் அவர்கள் மேல் இருக்கும். அப்படியே அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடலாம்.

எல்லாரையும் ஒரே சொல்லில் அள்ளிக்கொள்ள முடியாதா என்று கேட்கலாம். "என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே" என்று கலைஞர் தொடங்கினால் மைதானமே அதிரும். 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் விவேகானந்தர் அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே என்று அழைத்ததும் அப்படித்தான். முன்னது ஒரே கொள்கையில் கூடிய கூட்டம். பின்னதில் யாரும் யாருக்கும் மேல் இல்லை என்பதே பேச வந்த செய்தி. உங்கள் விழா அப்படிப்பட்டது இல்லை. பதவியாலும் வயதாலும் பல நிலையில் இருப்பவர்கள், ஒவ்வொருவரும் தனக்குரிய அழைப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் அவை இது. இங்கே ஒரே சொல் போதாது.

அதற்காக எல்லாரையும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டும் இருக்க முடியாது. அடைமொழி, பதவி, பெயர், "அவர்களே" எல்லாம் சேர்த்து நிதானமாகச் சொன்னால் ஒருவருக்கு ஐந்தாறு விநாடி ஆகும். பன்னிரண்டு பேர் என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல், உங்கள் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். அழைப்பிதழில் நீங்கள் எத்தனையாவது பேச்சாளர் என்று பாருங்கள். எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கும் கடமை வரவேற்புரை சொல்கிறவருக்கு உண்டு, அவருக்கு அதுதான் வேலையே. நன்றியுரைக்கும் அப்படியே. நடுவில் வாழ்த்துரை சொல்லும் உங்களுக்கு அந்தக் கடமை இல்லை. தலைவர், சிறப்பு விருந்தினரான எம்.எல்.ஏ., கலெக்டர், ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர், உங்கள் ஆசிரியர் என்று ஆறு பேரைத் தனியாகச் சொல்லுங்கள். கல்வி அலுவலர்கள் இருவரையும் ஒரே விளியில் சேர்த்துவிடுங்கள், மீதிப் பேரைத் தொகுத்துவிடுங்கள். தொகுக்கும்போது "மற்றும் பலர்" என்ற தொனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். "மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே" என்றால் யாரும் மிச்சமாக மாட்டார்கள்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று. தமிழில் அழைப்பதற்கென்று ஒரு வேற்றுமையே இருக்கிறது. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று தனி இயலே உண்டு. மேடையில் நாம் பயன்படுத்துவது அதில் மிக எளிய வடிவம், "அவர்கள்" என்பதோடு ஓர் ஏகாரம். சிக்கல் வருவது கலந்து பேசும்போது. "தலைவர் அவர்களே, ஆட்சியர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களுக்கும், பெரியோர்களுக்கும் வணக்கம்" என்று பாதி வழியில் "ஏ" போய் "க்கும்" வந்துவிடும். புதிதாகப் பேசுகிறவர்களிடம் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தடுமாற்றம் இதுதான். கேட்பவருக்கு எங்கோ கால் இடறியது போல இருக்கும், என்னவென்று சொல்லத் தெரியாது. "அவர்களே" என்று தொடங்கினால் கடைசிவரை அதுவே. எல்லாரையும் அழைத்து முடித்தபின் தனி வாக்கியமாக, "உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்." "அனைவர்களுக்கும்" என்று ஒரு வடிவம் பேச்சில் வந்துவிடும், அது வேண்டாம். கைகூப்புவதும் இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும். ஒவ்வொரு பெயருக்கும் கைகூப்பினால் கையில் உள்ள தாளும் மடங்கும், பார்க்கவும் பதற்றமாகத் தெரியும்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் தொடக்கம் ஏறக்குறைய இப்படி வரும். பெயர்களை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்:

"விழாத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களே, மதிப்பிற்குரிய மாவட்ட, வட்டாரக் கல்வி அலுவலர்களே, மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே, எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த என் ஆசிரியர் ஐயா அவர்களே, நம் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, ஆசிரியர்களே, பள்ளிப் பணியாளர்களே, என் அன்புத் தம்பி, தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்."

சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள், பெயர்களோடு முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். "சான்றோர்களே" என்ற தொகுப்பை உங்கள் ஆசிரியருக்கு முன்னால் வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவருக்குப் பின்னால் வைத்தால் தனியாகச் சொன்ன அந்தச் சொல்லின் ஈரம் உடனே காய்ந்துவிடும். தலைமையாசிரியருக்கு இதில் "மதிப்பிற்குரிய" விட்டுப்போயிருக்கிறது. இதுவும் எளிதில் நடக்கும் பிழை. மேலே சொன்னேனே, ஒரே அடைமொழி என்று, அதை நீங்கள் எழுதும்போது அவருக்கும் தலைவருக்கும் சேர்த்துவிடுங்கள். வேண்டுமென்றேதான் விட்டேன், காதில் அது எப்படி இடிக்கிறது என்று நீங்களே வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை மனப்பாடமாகச் சொல்ல முயல வேண்டாம். விளிப்பைத் தாளில் பார்த்துச் சொல்வது யாருக்கும் குறையாகத் தெரியாது, பெயர் தப்பினால்தான் குறை. அஞ்சலட்டை அளவுத் தாளில் வரிக்கு ஒருவராகப் பெரிய எழுத்தில் எழுதி, நடுவில் இரண்டு வரி வெறுமையாக விடுங்கள். பெயரின் தலைப்பெழுத்தைத் தமிழில் சொல்வதா, ஆங்கில ஒலியில் சொல்வதா என்று அவரவர் உதவியாளரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். மேடையேறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால், தொகுத்து வழங்குபவரிடம் போய் "வந்திருப்பவர்கள் இவர்கள்தானே?" என்று ஒருமுறை சரிபாருங்கள். அழைப்பிதழ் அச்சானபின் கலெக்டர் மாற்றலாகிப் போயிருக்கலாம். அவர் வர முடியாமல் கோட்டாட்சியரை அனுப்பியிருக்கலாம். அப்படியென்றால் "மாவட்ட ஆட்சியர் அவர்களின் சார்பில் வருகை தந்திருக்கும் மதிப்பிற்குரிய வருவாய்க் கோட்டாட்சியர் அவர்களே" என்று, வந்தவரை அவருடைய பதவியாலேயே அழைக்க வேண்டும். வராதவர் பெயரை வாசித்து, காலி நாற்காலியைப் பார்த்து "அவர்களே" என்பதைப் போல ஒரு சங்கடம் இல்லை. வராதவர் பெயரை அங்கேயே பேனாவால் அடித்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, விட்டுப்போனால். பேசத் தொடங்கிய பிறகு நினைவு வந்தால் "ஐயையோ, மன்னிக்கவும், மறந்துவிட்டேன்" என்று நிறுத்த வேண்டாம். அப்படிச் செய்தால் மறந்ததுதான் எல்லாருக்கும் தெரியும், விட்டுப்போனவருக்கும் கூடுதல் கூச்சம். பேச்சின் நடுவில் அவர் வருவதற்கு ஓர் இடம் தேடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கும் ஒரு தாயை விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியின் இன்றைய நிலையைப் பற்றிச் சொல்லும்போது, "நான் படித்தபோது இந்தச் சுற்றுச்சுவர் கிடையாது. இன்று நிற்கிறது என்றால், இங்கே அமர்ந்திருக்கும் நம் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களும் குழுவினரும் அலைந்த அலைச்சலும் அதில் இருக்கிறது" என்று அவர் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள். முன்பே சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் மரியாதையைவிட இது கூடுதல். ஆனால் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும், அதனால் மேடையில் இருக்கும் ஒவ்வொருவரும் பள்ளிக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது துண்டுச் சீட்டில் பெயர் எழுதி நீட்டினால், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு, "நம்மோடு இருக்கும் மதிப்பிற்குரிய இன்னார் அவர்களையும் வணங்கி மகிழ்கிறேன்" என்று சொல்லித் தொடருங்கள். எம்.எல்.ஏ. தாமதமாக வந்து, நீங்கள் பேசும்போது மேடையேறினாலும் இதே வழிதான். அவர் நாற்காலியில் உட்காரும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்து, ஒரே வரியில் அழைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தம்பி தங்கைகளிடம் திரும்பிவிடுங்கள். முழு விளிப்பையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.